பத்தாயிரம் பங்கை விலை விழாமல் விற்பது

கேள்வி: சின்ன கம்பெனி பங்கு பத்தாயிரம் வைத்திருக்கிறேன். மொத்தமாக விற்றால் விலை விழுந்துவிடும், பிரித்து விற்கச் சொல்கிறார்கள். எத்தனை எத்தனையாக, எவ்வளவு இடைவெளியில் விற்பது?

தர்மபுரியில் ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில் டீலராக இருக்கிறேன். உங்கள் கேள்விக்கு அச்சு அசலாகப் பொருந்துகிற ஒரு விற்பனையை எங்கள் வாடிக்கையாளருக்காகச் செய்தேன், அதையே சொல்கிறேன். காரிமங்கலத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். மகளுக்கு வீடு கட்டப் பணம் தேவைப்பட்டது, கையிலிருந்தது பத்தாயிரம் பங்கு. விலை 180 ரூபாய், ஆக 18 லட்சம். அந்தப் பங்கில் ஒரு நாளைக்குக் கைமாறுவது சராசரியாக 40,000.

வந்ததும், "தம்பி, மொத்தமா மார்க்கெட் ரேட்ல போட்டுடுப்பா, காரியம் முடிஞ்சிடும்" என்றார்.

"சார், ஒரு நிமிஷம் இதைப் பாருங்க" என்று திரையில் மார்க்கெட் டெப்த்தை, அதாவது எந்த விலைக்கு எத்தனை பங்கு கேட்டு ஆள் நிற்கிறார் என்ற பட்டியலைக் காட்டினேன். வாங்கும் பக்கம் ஐந்து வரி இருந்தது. 180.00-க்கு 220 பங்கு, 179.80-க்கு 400, 179.50-க்கு 650, 179.00-க்கு 900, 178.60-க்கு 530. கூட்டினால் 2,700 பங்குதான். பத்தாயிரத்துக்கு மார்க்கெட் ஆர்டர் போட்டால் இந்த ஐந்து வரியும் நொடியில் காலியாகும், மீதி 7,300 பங்கு அதற்குக் கீழே எந்த விலையில் ஆள் இருக்கிறாரோ அங்கே போய் விழும். "கீழ மொத்தம் 35,000-னு போட்டிருக்கே தம்பி" என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்த மொத்தத்தில் பெரும்பகுதி, விலை எப்போதாவது சரிந்தால் கிடைக்கட்டும் என்று ஐந்து, பத்து சதவீதம் கீழே போட்டு வைத்த ஆர்டர்கள். அதை நம்பி விற்க முடியாது.

எவ்வளவு அடி விழும் என்று முன்கூட்டியே தோராயமாகக் கணிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் பங்கு எண்ணிக்கையை ஒரு நாள் வால்யூமால் வகுத்து, அதற்கு வர்க்கமூலம் எடுத்து, அந்தப் பங்கு ஒரு நாளில் வழக்கமாக ஆடுகிற சதவீதத்தால் பெருக்குங்கள். இங்கே 10,000-ஐ 40,000-ஆல் வகுத்தால் கால், அதன் வர்க்கமூலம் அரை. அந்தப் பங்கு நாளுக்கு 2 சதவீதம் ஆடும். ஆக ஒரே நாளில் தள்ளினால் சராசரியாக 1 சதவீதம், அதாவது 18,000 ரூபாய் போகும். இது நாள் முழுக்க நிதானமாக விற்பவருக்கான கணக்கு. ஒரே ஆர்டராகப் போட்டால் இதைவிட மோசம்.

அப்படியானால் மாதக்கணக்கில் இழுக்கலாமே என்று தோன்றும். இழுக்கிற ஒவ்வொரு நாளும் விற்காத பங்கு சந்தையோடு ஆடிக்கொண்டிருக்கும், அதே 2 சதவீதம். அது மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். அவசரமாக விற்பதில் நஷ்டம் உறுதி, மெதுவாக விற்பதில் விலை எப்படியும் போகலாம். இந்த இரண்டையும் எடைபோடுவதுதான் முழு வேலையும். ஆல்ம்கிரென், கிறிஸ் என்ற இருவர் 2000-இல் எழுதிய கட்டுரை இதைக் கணிதமாகவே செய்து காட்டியது. பெரிய நிறுவனங்களின் கணினிகள் பலவும் அந்த வழியை ஒட்டி ஆர்டரைத் துண்டு போடுகின்றன. நம் அளவுக்கு ஓர் எளிய வரம்பு போதும்: சந்தையில் நடக்கிற வியாபாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நாம் இருக்கக் கூடாது. ஆசிரியருக்கு அது நாளுக்கு 4,000 பங்கு, ஏறக்குறைய மூன்று நாள். பணம் அடுத்த வாரம்தான் தேவை என்பதால் அவருக்கு அது ஒத்துவந்தது.

நீங்கள் இடைவெளி கேட்டிருக்கிறீர்கள். கடிகாரத்தைப் பார்த்து விற்காதீர்கள், வால்யூமைப் பாருங்கள் என்பேன். சின்னப் பங்குகளில் மதியம் 12-லிருந்து 2 மணி வரை பெரும்பாலும் வியாபாரம் மந்தமாக இருக்கும். அப்போதும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 300 விற்றால், அந்த நேரத்தில் நீங்கள்தான் சந்தை. நான் செய்தது இதுதான்: 9.15-க்குத் திறந்ததும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலமாக இருக்கும், அதனால் முதல் அரை மணி நேரம் கை வைக்கவில்லை. 11 மணிக்கு மொத்த வால்யூம் 9,000 என்றால், நாம் அதுவரை விற்றது 900-ஐத் தாண்டக் கூடாது. நம் பங்கும் அந்த 9,000-இல் அடக்கம் என்பதை மறக்காதீர்கள். மதியம் கையைக் கட்டிக்கொண்டு, 2.30-க்கு மேல் வியாபாரம் சூடுபிடிக்கும்போது வேகம் கூட்டினேன். துண்டுகளும் ஒரே அளவு இல்லை, 180, 340, 250 என்று மாற்றி மாற்றி. ஒரே எண் ஒரே இடைவெளியில் வந்தால் எதிரில் இருப்பவர் கவனித்துவிடுவார், வாங்கும் விலையை இறக்கிவிட்டுக் காத்திருப்பார்.

ஒவ்வொரு துண்டையும் முதலில் விற்கும் பக்கத்து வரிசையில், நாம் சொன்ன விலைக்குக் கீழே போகாத லிமிட் ஆர்டராக வைப்பேன். கொஞ்ச நேரத்தில் போகவில்லை என்றால்தான் வாங்குபவர் விலைக்கு இறங்கிக் கொடுப்பேன். கொடுத்த பிறகு கண் டெப்த்தின் மேல் இருக்க வேண்டும். 400 பங்கு விற்று 179.80 வரி காலியாகிறது என்று வையுங்கள். சில நிமிடத்தில் அதே விலையில் மறுபடி ஆள் வந்து நின்றால், நீங்கள் கொடுத்த அடி தற்காலிகமானது, அடுத்த துண்டைப் போடலாம். வரி நிரம்பவே இல்லை, நீங்கள் விற்காதபோதும் வியாபாரம் கீழ் விலையிலேயே நடக்கிறது என்றால், உங்களைப் போல இன்னொரு பெரிய ஆள் விற்கிறார் அல்லது ஏதோ செய்தி கசிந்திருக்கிறது. இரண்டாம் நாள் காலை எங்களுக்கு அப்படித்தான் ஆனது. ஒரு மணி நேரம் நிறுத்தினேன், செய்தி எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே தொடர்ந்தேன். மோசமான செய்தியாக இருந்திருந்தால் நிறுத்தக் கூடாது, வேகம் கூட்டியிருக்க வேண்டும். ஒரு நாளில் விலை ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ விடாத சர்க்யூட் வரம்பு உள்ள பங்காக இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கீழ் சர்க்யூட்டில் பூட்டிவிட்டால் வாங்கவே ஆள் இருக்காது.

முடிவு இப்படி வந்தது. முதல் நாள் 4,000 பங்கு சராசரி 179.40-க்கு, இரண்டாம் நாள் 3,800 பங்கு 178.90-க்கு, மூன்றாம் நாள் 2,200 பங்கு 180.10-க்கு. மொத்த சராசரி 179.36. விற்க முடிவெடுத்தபோது இருந்த 180-ஓடு ஒப்பிட்டால், வரி, கட்டணம் தவிர்த்து 6,360 ரூபாய் குறைவு. ஒப்பிட வேண்டியது அந்த 180-ஓடுதான். திரையில் காட்டும் அன்றைய சராசரி விலையோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். நீங்களே நிறைய விற்று அந்தச் சராசரியையும் இறக்கியிருப்பீர்கள், பார்க்க நன்றாகத்தான் தெரியும்.

பெரிய ஆர்டரில் ஒரு சிறு பகுதியை மட்டும் திரையில் காட்டுகிற ஐஸ்பெர்க் ஆர்டர் போட்டால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. அது உங்கள் மொத்த அளவை மறைக்கும், வேகத்தைக் குறைக்காது. ஒரு துண்டு முடிந்ததும் அடுத்தது உடனே வந்து நிற்கும், வாங்கும் பக்கம் மறுபடி நிரம்ப நேரமே கொடுக்காது. எங்காவது பயன்படுத்தினால் ஒரு நாளுக்கான அளவுக்குள் மட்டும் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, விற்கிற ஒவ்வொரு நாளும் ஒரு கம்பெனியின் பங்குக்கு ஒரு முறை, டிமேட் கணக்கிலிருந்து பங்கை எடுப்பதற்கான டிபி கட்டணம் பிடிப்பார்கள், பத்து பங்கு விற்றாலும் நாலாயிரம் விற்றாலும் ஒரே தொகை. மூன்று நாளுக்கு அது பெரிதில்லை, தினம் நூறு நூறாக ஐந்து மாதம் விற்றால் கணக்கில் வரும். உங்கள் பங்கு தினமும் லட்சக்கணக்கில் கைமாறுகிற பெரிய கம்பெனியாக இருந்தால் இதெல்லாம் எதுவும் வேண்டாம், பத்தாயிரத்துக்கும் ஒரே லிமிட் ஆர்டர் போட்டுவிடுங்கள்.