பேரேட்டின் வட்டிப் பத்தியில் மாறாத 360 ரேண்ட்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். டொங்காட் அருகே கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில், பொதுக்கூட்டத்துக்கு முன் பேரேட்டைப் பார்த்துத் தரும்படி நிர்வாகக் குழு என்னைக் கேட்டது. என் தம்பி மனைவி வாங்கிய 24,000 ரேண்ட் கடனுக்கு 24 மாதமும் அசல் 1,000, வட்டி 360 என்றே எழுதியிருக்கிறது. ஒப்பந்தத்திலோ ‘ஆண்டுக்கு 18 விழுக்காடு, நிலுவை அசல்மீது’ என்று இருக்கிறது. என் கணக்கில் 4,140 ரேண்ட் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். செயலாளர், ‘கடன் முடிந்து 14 மாதம் ஆகிறது, முடிந்த கணக்கைத் திறக்க முடியாது, மூன்று வருடமும் கடந்துகொண்டிருக்கிறது’ என்கிறார். பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா? சங்கம் உடைந்துவிடக் கூடாது என்பதும் என் கவலை.

பதில்:

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். வழி உண்டு. நீங்கள் கண்டுபிடித்த பிழை சரியானதே; ஆனால் சட்டப்படி கணக்கிட்டால் உங்கள் தம்பி மனைவிக்கு வரவேண்டியது 4,140 ரேண்டைவிடச் சற்று அதிகம். அதைவிட முக்கியமாக, அப்படிக் கணக்கிடும்போது செயலாளர் சொல்லும் மூன்று வருடக் கெடுவும் பெரும்பாலும் பொருந்தாமல் போகிறது. இந்த இரண்டும் ஒரே காரணத்தால் வருவதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆண்டுக்கு 18 விழுக்காடு என்றால் மாதத்துக்கு ஒன்றரை விழுக்காடு. முதல் மாதம் 24,000 ரேண்டுக்கு 360 ரேண்ட் வட்டி என்பது சரியான தொகைதான். முதல் வரி சரியாக இருந்ததால்தான் கீழே உள்ள வரிகளை யாரும் சந்தேகிக்கவில்லை என்று நினைக்கிறேன். இரண்டாம் மாதம் நிலுவை 23,000 ஆகிவிட்டதால் வட்டி 345 ஆக இருந்திருக்க வேண்டும்; பதின்மூன்றாம் மாதம் 12,000 ரேண்டுக்கு 180; கடைசி மாதம் 1,000 ரேண்டுக்கு வெறும் 15. இப்படி மாதம் 15 ரேண்டாகக் குறைந்துகொண்டே வரும் வட்டியின் கூட்டுத்தொகை 4,500. பேரேடு வாங்கியதோ 8,640. வித்தியாசம் நீங்கள் சொன்ன 4,140.

‘நாங்களும் 18 விழுக்காடுதானே போட்டோம்’ என்று குழுவினர் கேட்டால், அவர்கள் மனத்தில் பதியும்படி இப்படி விளக்கலாம். இரண்டு ஆண்டுகளில் அந்த அம்மாவின் கையில் இருந்த கடன் சராசரியாக 12,500 ரேண்ட். இரண்டு ஆண்டுக்கு 12,500 என்பது ஓராண்டுக்கு 25,000 ரேண்ட் கடன் வைத்திருந்ததற்குச் சமம். 25,000 ரேண்டுக்கு 18 விழுக்காடு 4,500. அவர் செலுத்திய 8,640 என்பது 34.56 விழுக்காடு. திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் வட்டி வாங்கியதால் வந்த வேறுபாடு இது.

இனி தென்னாப்பிரிக்கச் சட்டம். உங்கள் சங்கம் 2005ஆம் ஆண்டின் 14ஆம் எண் கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் பதிவானது என்றும், இந்தக் கடன் அதே ஆண்டின் 34ஆம் எண் தேசியக் கடன் சட்டத்துக்கு உட்பட்டது என்றும் கொள்கிறேன். தேசியக் கடன் சட்டத்தின் 126ஆம் பிரிவு, கடன் வாங்கியவர் செலுத்தும் ஒவ்வொரு தொகையும் அது கிடைத்த நாளிலேயே வரவு வைக்கப்பட வேண்டும் என்றும், அந்தத் தொகை முதலில் செலுத்த வேண்டிய வட்டிக்கும், அடுத்துக் கட்டணங்களுக்கும், மீதி அசலுக்கும் போக வேண்டும் என்றும் சொல்கிறது. கெடுவுக்கு முன்னதாக எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம் என்பதும் அதே பிரிவில் உள்ளது.

இந்த வரிசையை உங்கள் கணக்கில் வைத்துப் பாருங்கள். அவர் மாதந்தோறும் கட்டியது 1,360 ரேண்ட். இரண்டாம் மாதம் செலுத்த வேண்டிய வட்டி 345 மட்டுமே என்றால், ‘வட்டி’ என்று பேரேட்டில் எழுதப்பட்ட கூடுதல் 15 ரேண்ட் வட்டியாக ஆக முடியாது. அது அசலைக் குறைத்திருக்க வேண்டும். அடுத்த மாத வட்டி அந்தக் குறைந்த அசலுக்கே வரும். அதனால் இன்னும் சிறிது அதிகமான தொகை அசலுக்குப் போகும். இப்படியே நடத்திக்கொண்டு போனால், இருபதாம் தவணை முடிவில் நிற்கும் பாக்கி 876 ரேண்ட் 33 சென்ட். இருபத்தொன்றாம் மாதம் ஒரு மாத வட்டியோடு 889 ரேண்ட் 48 சென்ட் கொடுத்திருந்தால் கடன் தீர்ந்திருக்கும். அந்த மாதம் வாங்கிய மீதி 470 ரேண்ட் 52 சென்ட்டும், அதற்குப் பிறகு வாங்கிய மூன்று முழுத் தவணைகளும் சேர்ந்து 4,550 ரேண்ட் 52 சென்ட். நாள்வாரியாக வட்டி போட்டால் சிறிய மாற்றம் வரலாம். ஆகவே ரசீதுகளில் உள்ள உண்மையான தேதிகளைக் கொண்டு ஒருமுறை கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது மூன்று வருடக் கெடுவைப் பார்ப்போம். 1969ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டப்படி இத்தகைய கோரிக்கைக்கு மூன்று ஆண்டுதான் ஆயுள் என்பது உண்மை. உங்கள் முறைப்படி ஒவ்வொரு மாதமும் சிறிது சிறிதாகக் கூடுதல் வாங்கப்பட்டது என்று வாதிட்டால், முதல் கூடுதல் இரண்டாம் தவணையில், அதாவது சரியாக 36 மாதத்துக்கு முன் நடந்தது. அப்போது இனி கழியும் ஒவ்வொரு மாதமும் ஒரு தவணையின் கூடுதல் காலாவதியாகிறது என்று சங்கம் சொல்ல இடம் கிடைக்கும். செயலாளர் அறிந்தோ அறியாமலோ அதைத்தான் சொல்கிறார். ஆனால் 126ஆம் பிரிவின்படி கணக்கிட்டால், கடனில்லாமல் பணம் வாங்கப்பட்ட முதல் நாள் இருபத்தொன்றாம் தவணை நாள். அது 17 மாதத்துக்கு முன்புதான். இன்னும் 19 மாதம் மீதமிருக்கிறது. கோரிக்கைக் கடிதத்தில் எந்தக் கணக்கை முதலில் வைக்கிறீர்கள் என்பது இதனால்தான் முக்கியம். 4,550 ரேண்ட் கணக்கை முதலாவதாகவும், 4,140 ரேண்ட் கணக்கை மாற்று வாதமாகவும் வையுங்கள்.

பணத்தைத் தர வேண்டியவர் யார், பிழையின் விவரம் என்ன என்பதைக் கோரிக்கையாளர் அறிந்த நாளிலிருந்தே காலம் ஓடத் தொடங்கும் என்ற விதியும் காலாவதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இருக்கிறது. பேரேட்டை இப்போதுதான் பார்த்தோம் என்று சொல்லலாம். ஆனாலும் நான் அதை நம்பி இருக்க மாட்டேன். நியாயமான கவனம் வைத்திருந்தால் அறிந்திருக்கக் கூடியதும் அறிந்ததாகவே கொள்ளப்படும். மாதாமாதம் ரசீதில் 360 என்று அச்சாகி வந்திருந்தால், ஒப்பந்தமும் கையில் இருந்திருந்தால், ‘அப்போதே தெரிந்திருக்க வேண்டுமே’ என்ற கேள்வி எழும்.

‘முடிந்த கணக்கைத் திறக்க முடியாது’ என்பதற்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. தேசியக் கடன் சட்டத்தின் 110ஆம் பிரிவின்படி கணக்கு விவரத்தைக் கட்டணமின்றிக் கேட்கலாம். கணக்கு மூடி மூன்று ஆண்டு தாண்டினால்தான் அவர்கள் மறுக்க முடியும். ஓராண்டுக்கு முந்தைய விவரமும் கேட்பதால் 20 வேலை நாளுக்குள் தர வேண்டும். விவரம் வந்தபின், 111ஆம் பிரிவின்கீழ் குறிப்பிட்ட பதிவுகளை மறுத்து எழுத்தில் அறிவிப்புக் கொடுக்கலாம். சங்கம் அந்தப் பதிவை விளக்க வேண்டும், அல்லது பிழை என்று ஒப்புக்கொண்டு திருத்திய பதிவைத் தர வேண்டும். இரண்டு கடிதங்களிலும் உங்கள் தம்பி மனைவி கையெழுத்திட வேண்டும். கடன் அவருடையது, நீங்கள் உதவி செய்பவர் மட்டுமே. பேரேட்டில் நீங்கள் பார்த்த மற்ற உறுப்பினர்களின் கணக்குகளை இந்தக் கடிதத்தில் இணைக்காதீர்கள். அவை குழு உங்களிடம் ஒப்படைத்த தனிப்பட்ட தகவல்கள். அவற்றைக் குழுவுக்குத் தரும் தணிக்கைக் குறிப்பில் மட்டும் எழுதுங்கள். பேரேட்டில் உங்கள் பேனாவால் எதையும் திருத்த வேண்டாம், அதை வீட்டுக்கும் எடுத்துச் செல்ல வேண்டாம்.

சங்கம், ‘நாங்கள் உறுப்பினர்களே பணம் போட்டு நடத்தும் ஸ்டாக்வெல் என்ற சேமிப்புக் குழு, தேசியக் கடன் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது’ என்று பதில் சொல்லக்கூடும். ஸ்டாக்வெல் தன் விதிகளின்படி உறுப்பினருடன் செய்யும் பரிவர்த்தனையை 8ஆம் பிரிவு கடன் ஒப்பந்தமாகக் கொள்வதில்லை என்பது சரிதான். ஆகவே சங்கத்தின் பதிவுச் சான்றிதழையும் விதிகளையும் முதலில் பாருங்கள். அந்த வாதம் ஏற்கப்பட்டாலும் கோரிக்கை அழியாது. ‘நிலுவை அசல்மீது’ என்பது அவர்களே எழுதிய ஒப்பந்தம். செலுத்த வேண்டாத பணத்தைத் தவறான நம்பிக்கையில் செலுத்தியவர் அதைத் திரும்பக் கேட்கலாம் என்பது தென்னாப்பிரிக்கப் பொதுச் சட்டத்தில் நிலைத்த விதி. அப்போது 126ஆம் பிரிவின் துணை இருக்காது, அதனால் காலாவதி வாதம் மேலும் கூர்மையாகும். இந்த ஒரு காரணத்துக்காகவே தாமதிக்க வேண்டாம் என்கிறேன்.

சங்கம் உடையக் கூடாது என்ற உங்கள் கவலையை நான் முழுமையாக மதிக்கிறேன். 2016 முதல் கடன் தொகை எவ்வளவு சிறியதானாலும், தேசியக் கடன் சட்டத்துக்கு உட்பட்டுக் கடன் கொடுப்பவர் தேசியக் கடன் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாவிட்டால் ஒப்பந்தமே செல்லாது என்ற நிலை வரலாம். அந்தக் கேள்வியை இப்போது எழுப்பினால் எல்லாக் கடனும் ஒரே நாளில் ஆட்டம் காணும். வட்டியைத் திருத்துவதற்கு அது தேவையில்லை. அதேபோல், கடிதத்தில் ‘மோசடி’, ‘சுரண்டல்’ என்ற சொற்கள் வர வேண்டாம். ஒரே தொகையை எல்லா வரியிலும் எழுதியது கணக்கு அறியாமையின் அடையாளமாகவே எனக்குத் தோன்றுகிறது; திட்டமிட்டு ஏமாற்ற நினைப்பவர் ஒப்பந்தத்தில் ‘நிலுவை அசல்மீது’ என்று எழுதிவைக்க மாட்டார். அவதூறு வழக்குக்கும் அந்தச் சொற்களே வாசல்.

குழு இணங்கி வந்தால், ‘பார்த்துச் சொல்கிறோம்’ என்ற வாய்ச்சொல்லோடு நின்றுவிடாதீர்கள். அது காலத்தை நிறுத்தாது. ‘இந்தக் கணக்கில் இவ்வளவு தொகை சங்கம் திருப்பித் தர வேண்டியுள்ளது’ என்று கூட்டக் குறிப்பில் எழுதி, தலைவர் கையெழுத்திட்ட நகலைப் பெறுங்கள். காலாவதிச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட ஒப்புதல் மூன்று ஆண்டுக் கணக்கை அந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்க வைக்கும். பின்னர் தொகையை மொத்தமாகவோ, ஆறு தவணையிலோ, புதிய கடனில் கழித்தோ கொடுப்பது உங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடியது.

இணங்காவிட்டால், பணம் தரக் கோரும் கடிதத்தைக் கொடுத்து 14 நாள் காத்திருந்து, அருகிலுள்ள சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே கோரிக்கையின் வரம்பு 20,000 ரேண்ட். சங்கம் அங்கே வழக்குத் தொடர முடியாது, ஆனால் சங்கத்தின்மேல் வழக்குத் தொடரலாம். வழக்கறிஞர்கள் வாதாட முடியாது. உங்கள் தம்பி மனைவியே நேரில் பேச வேண்டும். மேல்முறையீடு இல்லாததால், முதல் முறையே தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒப்பந்தம், 24 ரசீதுகள், நீங்கள் எழுதிய 21 வரிக் கணக்கு, கோரிக்கைக் கடிதம் கொடுத்ததற்கான அத்தாட்சி ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் வைத்து, இருபதாம் தவணை வரியில் அவர் விரல் வைத்துக் காட்டும்படி வீட்டிலேயே ஒருமுறை சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். கடிதங்களை அனுப்பும் முன் நகல்களை எனக்கு அனுப்பினால் தேதிகளைச் சரிபார்த்துத் தருகிறேன்.