மலைச்சரிவு நிலம் வாங்கும் முன் உயரத் தரவிலிருந்து சரிவைக் கணக்கிடுவது எப்படி?

கேள்வி: மலைச்சரிவில் தலா இரண்டு ஏக்கரில் இரண்டு நிலத்துண்டுகள் பார்த்து வைத்திருக்கிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் உயரத் தரவை QGIS-இல் போட்டுச் சரிவைக் கணக்கிட்டால் எல்லா இடமும் 89, 90 டிகிரி என்று வருகிறது. என்ன தப்பு? சரியாகக் கணக்கிட்டாலும் அந்த எண்ணை நம்பி நிலத்தைத் தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: 90 டிகிரி வருவதற்குக் காரணம் அலகுதான். நீங்கள் இறக்கிய கோப்பில் உயரம் மீட்டரில் இருக்கிறது, ஆனால் கட்டத்தின் அகலம் அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில், அதாவது 0.00028 என்று இருக்கும். மென்பொருள் இரண்டையும் ஒரே அலகு என்று எடுத்துக்கொண்டு, 0.00028 தூரத்துக்குள் பத்து மீட்டர் ஏறுகிறது என்று கணக்குப் போடுகிறது, அதனால் எல்லாமே செங்குத்துச் சுவராகிவிடுகிறது. முதலில் தரவை மீட்டரில் அளக்கும் யு.டி.எம். அமைப்புக்கு மாற்றுங்கள், அப்புறம் சரிவைக் கணக்கிடுங்கள். மண்டல எண்ணைக் கண்டுபிடிக்க, உங்கள் கிழக்குத் தீர்க்கரேகையோடு 180 கூட்டி, 6-ஆல் வகுத்து, வரும் முழு எண்ணோடு 1 சேர்த்தால் போதும். 77 டிகிரி என்றால் 43. அதன் முன்னால் வட அரைக்கோளத்தில் 326, தென் அரைக்கோளத்தில் 327 சேர்த்தால் கீழே முதல் கட்டளையில் வரும் EPSG எண் கிடைக்கும்.

```
gdalwarp -t_srs EPSG:32643 -tr 30 30 -r bilinear dem.tif dem_utm.tif
gdaldem slope dem_utm.tif slope.tif
gdaldem aspect dem_utm.tif aspect.tif
```

`bilinear` என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் பக்கத்துக் கட்டத்தின் மதிப்பை அப்படியே நகலெடுக்கும், சரிவு வரைபடத்தில் கோடுகோடாகப் பட்டைகள் தெரியும். இன்னொன்று, நிலத்தின் எல்லைக்குத் தரவை முதலிலேயே வெட்டிவிட்டுச் சரிவு கணக்கிட வேண்டாம். விளிம்புக் கட்டங்களுக்குப் பக்கத்துக் கட்டம் இல்லாமல் விடை காலியாக வரும். சுற்றிலும் சில நூறு மீட்டர் கூடுதலாக வைத்துக் கணக்கிட்டு, கடைசியில் வெட்டுங்கள்.

சரி, எண் வந்துவிட்டது. அதை நம்பலாமா என்பதுதான் உங்கள் கேள்வியில் முக்கியமான பாதி. அதற்கு அந்த எண் எப்படி வருகிறது என்று ஒரு முறை கையால் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரு கட்டத்தின் சரிவுக்கு அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களின் உயரத்தை மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. மேல் வரிசை வடக்கு என்று வைத்து ஒரு உதாரணம், உயரம் மீட்டரில்:

```
642 639 634
634 631 625
626 622 617
```

கிழக்குப் பத்தியைக் கூட்டும்போது நடுவில் உள்ளதை மட்டும் இரண்டு மடங்காக்குங்கள்: 634 + 1250 + 617 = 2501. மேற்குப் பத்தி அதேபோல 2536. வித்தியாசம் 35, கிழக்கு தாழ்வு. தெற்கு வரிசை 2487, வடக்கு வரிசை 2554, வித்தியாசம் 67, தெற்கு தாழ்வு. இரண்டையும் 240-ஆல் (8 × 30 மீட்டர்) வகுத்தால் 0.146, 0.279. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.315. அதாவது 31.5 சதவீதம், அதற்குத் தலைகீழ் tan எடுத்தால் டிகிரியில் 17.5. தண்ணீர் தெற்கே 67 பங்கும் கிழக்கே 35 பங்கும் என்ற விகிதத்தில் இறங்குகிறது, எனவே சரிவு பார்க்கும் திசை வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 152 டிகிரி, தென்தென்கிழக்கு. நிலம் விற்பவர் சதவீதத்தில் சொல்கிறாரா டிகிரியில் சொல்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், 45 டிகிரிதான் 100 சதவீதம்.

இப்போது பாருங்கள். ஒரு கட்டம் 900 சதுர மீட்டர், இரண்டு ஏக்கர் என்பது சுமார் 8,100 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒன்பதே கட்டம். உங்கள் நிலம் சதுரமாக இருந்து, கட்டங்களோடு சரியாகப் பொருந்தியும் இருந்தால்கூட, நடுக்கட்டத்தின் சரிவு மட்டும்தான் முழுக்க உங்கள் நிலத்திலிருந்து வந்த எண். மற்ற எட்டிலும் பக்கத்து நிலம் கலந்திருக்கிறது. உள்ளே மூன்று மீட்டர் அகலப் படிவரப்பு இருந்தாலும், நடுவில் ஒரு பாறைமுகடு இருந்தாலும் இந்தத் தரவுக்குத் தெரியாது.

இதைவிட மோசமானது மரம். இலவசமாகக் கிடைக்கும் எஸ்.ஆர்.டி.எம்., கோப்பர்நிக்கஸ் என்ற உயரத் தரவுகள் இரண்டுமே விண்ணிலிருந்து ரேடாரால் அளந்தவை, அடர்ந்த மரம் இருந்தால் மண்ணுக்குப் பதிலாகக் கிளைமட்டத்துக்கு அருகில் உள்ள உயரத்தைத்தான் பெரும்பாலும் பதிவு செய்திருக்கும். மேலே உள்ள உதாரணத்தில் தெற்கு வரிசை முழுவதும் மரத்தோப்பு, அதனால் அந்த மூன்று எண்களும் 10 மீட்டர் கூடிவிட்டன என்று வையுங்கள். தெற்கு வரிசை 2527 ஆகும், வித்தியாசம் 67-இலிருந்து 27-க்கு இறங்கும். கிழக்கு-மேற்கு வித்தியாசம் மாறாது. திரும்பக் கணக்கிட்டால் சரிவு 10.4 டிகிரி, திசை 128, அதாவது தென்கிழக்கு. மண் ஒரு அங்குலம்கூட நகரவில்லை, ஆனால் 17.5 டிகிரி நிலம் வரைபடத்தில் 10 டிகிரி ஆகிவிட்டது. மரம் மேல்பக்கம் இருந்தால் நேர்மாறாக, சாதுவான நிலம் செங்குத்தாகத் தெரியும். இரண்டு நிலங்களை ஒப்பிடும்போது இதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சரிவு வரைபடத்தின் மேல் செயற்கைக்கோள் படத்தைப் போட்டு மங்கலாக்கிப் பாருங்கள். சரிவு மாறும் கோடு தோப்பின் எல்லையோடு ஒட்டிப் போனால் அது மரத்தின் விளிம்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கோப்பர்நிக்கஸ் தரவிலிருந்து மரத்தையும் கட்டடத்தையும் கழித்துத் தயாரித்த FABDEM என்ற தரவும் இருக்கிறது. இரண்டிலும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள், விடைகள் ஐந்தாறு டிகிரி விலகினால் அந்த இடத்தில் இரண்டையும் நம்ப வேண்டாம்.

திசையைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. சரிவு எண்களுக்குச் சராசரி எடுக்கலாம், திசை எண்களுக்கு எடுக்கக்கூடாது. 350-ம் 10-ம் வடக்கையே பார்க்கின்றன, சராசரி எடுத்தால் 180, தெற்கு என்று வரும். கட்டம் கட்டமாகப் பாருங்கள். தெற்குச் சரிவுக்கு வெயில் அதிகம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பது வட அரைக்கோளத்தின் மிதவெப்ப நாடுகளுக்குத்தான் முழுக்கப் பொருந்தும். வெப்பமண்டலத்துக்குள் வருடத்தில் சில காலம் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும், சில காலம் தெற்கே. அங்கே கிழக்கா மேற்கா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கிழக்குச் சரிவில் காலை வெயில் பட்டுப் பனி சீக்கிரம் காயும். மேற்குச் சரிவில் காற்று ஏற்கெனவே சூடான பிற்பகலில் வெயில் அடிக்கும், மண் சீக்கிரம் வறளும்.

கடைசி முடிவைக் களத்தில் எடுங்கள். ஒரு டியூப் லெவலும் இரண்டு குச்சிகளும் போதும். சரிவு இறங்கும் போக்கிலேயே, கிடைமட்டமாக 4 மீட்டர் தள்ளி இரண்டு குச்சி நட்டு மட்ட வித்தியாசத்தை அளக்க வேண்டும். 17.5 டிகிரி என்றால் 1.26 மீட்டர் வரும், 10.4 என்றால் 0.73 மீட்டர். அரை மீட்டர் வித்தியாசம், தப்பவே தப்பாது. ஒவ்வொரு நிலத்திலும் மேல், நடு, கீழ் என்று குறைந்தது ஐந்தாறு இடத்தில் அளங்கள், தோப்பின் ஓரத்தில் கட்டாயம் ஒன்று. அளந்தது 25 டிகிரியைத் தாண்டினால் அங்கே உழுது பயிர் செய்யும் எண்ணத்தை விடுங்கள். சீனாவில் அந்த அளவுக்கு மேல் பயிரிடுவதைச் சட்டமே தடுக்கிறது. 15-க்கும் 25-க்கும் நடுவில் என்றால் படிவரப்பு வெட்டும் செலவையும் நிலத்தின் விலையோடு சேர்த்துத்தான் இரண்டு நிலங்களையும் ஒப்பிட வேண்டும்.