இரவுக் கோழி வீணாகுமா?

"வயது 34, எடை 60 கிலோ, ஊர் அம்பாசமுத்திரம். காலையில் 4 இட்லி, மதியம் சாம்பார் சோறு, ஜிம் முடிந்து ராத்திரி கால் கிலோ கோழி. ஒரு வேளைக்கு 30 கிராமுக்கு மேல் புரதம் உடம்பில் ஒட்டாதாம். பவுடர் வாங்கச் சொல்கிறார் மாஸ்டர். 68 வயது அப்பாவுக்கும் இதே சாப்பாடுதான்."

ஒட்டும். நெதர்லாந்தில் 2023-ல் வெளியான ஆய்வில், உடற்பயிற்சி முடிந்ததும் 100 கிராம் பால் புரதம் குடித்தவர்களுக்கு 12 மணி நேரத்துக்கு மேலும் தசை கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. செரிக்க நேரமாகும், அவ்வளவுதான்.

பிரித்துச் சாப்பிட்டால் நல்லது என்பதற்கும் ஆதாரம் உண்டு. 2014-ல் அமெரிக்காவில் 90 கிராமை மூன்று வேளைக்கும் சமமாகக் கொடுத்தபோது, பெரும்பகுதியை இரவில் கொடுத்ததைவிடத் தசைப் புரதம் உருவாகும் வேகம் சுமார் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் அதில் இருந்தவர்கள் எட்டே பேர். அளந்தது சில நாள் வேகத்தை. மாதக்கணக்கில் ஏறிய சதையை அல்ல. அதனால் முதலில் மொத்த அளவு, பிறகுதான் பங்கீடு. எடைப் பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் போதும். உங்களுக்கு நாளுக்கு 96 கிராம் வரும். இப்போது 75-ஐத் தாண்டினாலே அதிகம்.

இரவுக் கோழியை எலும்பில்லாமல் 100 கிராமாகக் குறையுங்கள். மிச்சக் காசில் மதியத்துக்கு 100 கிராம் சாளை மீன் வரும். காலை இட்லியோடு 3 முட்டை, சாயங்காலம் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல். காலையில் 28, மதியம் 32, சுண்டலில் 10, இரவில் தோசையோடு 28. கணக்கு முடிந்தது, டப்பா எதற்கு? 30 கிராம் பயத்தைக் காட்டிப் பவுடர் விற்பவருக்கு அந்த டப்பாவில் கமிஷன் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ரேஷனில் அரிசி மூட்டையாகக் கிடைக்கிறது, துவரம்பருப்பு மட்டும் ஒரு கிலோவோடு நின்றுவிடுகிறது. இந்த லட்சணத்தில் டப்பாக்காரன் பிழைக்காமல் என்ன செய்வான்!

அப்பா விஷயம் வேறு. வயதான தசைக்குக் காது மந்தம். கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட வேண்டும். இளைஞருக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்குக் கால் கிராம் அளவில் தசை விழித்துக்கொள்ளும். அறுபதைத் தாண்டியவருக்கு 0.4 கிராம் வேண்டும். அவர் எடையும் 60 என்றால் ஒரு வேளைக்கு 24 கிராம். "வயசாளிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் கொடு" என்று ஆறு வேளைக்கு ஒரு இட்லியும் அரை டம்ளர் பாலுமாகக் கொடுத்தால் எந்த வேளையும் அந்த அளவைத் தொடாது. காலையில் 2 முட்டையும் ஒரு டம்ளர் பாலும் இட்லியோடு சேரட்டும். உளுந்தஞ்சோறு வைக்கிற நாளில் மேலே ஒரு முட்டை. சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் அவருக்குக் கிரியாட்டினின் கூடுதல் என்றால் மட்டும், டாக்டரைக் கேட்காமல் எதையும் கூட்டாதீர்கள்.