அரைத்த இலையும் அடைத்த பொடியும்

கேள்வி: செடியிலிருந்து பறித்து அரைத்த மருதாணி, வைத்த உடனே பிடிக்கத் தொடங்குகிறது. பாக்கெட் பொடியைக் கரைத்து அப்போதே வைத்தேன். வெளிறிய மஞ்சள்தான் வந்தது. பொடி போலியா?

பதில்: பொடியைத் திட்டுவதற்கு முன் ஓர் இரவு காத்திருந்தீர்களா? இலைக்குள் சாயம் சாயமாக இருப்பதில்லை. சர்க்கரையோடு பிணைந்த, நிறமில்லாத ஒரு பொருளாக அடங்கிக் கிடக்கிறது. அந்தப் பிணைப்பை அறுக்கும் நொதியும் அதே இலையில்தான் இருக்கிறது, ஆனால் விலகியிருக்கிறது. பச்சை இலை நசுங்கும்போது செல்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. பிரிந்து வருவது காற்றுப் பட்டதும் லாசோன் என்னும் செம்மஞ்சள் சாயமாகிறது. அரைத்து முடிப்பதற்குள் உங்கள் விரல் சிவப்பது இதனால்தான்.

உலர்ந்த பொடியில் ஈரம் இல்லாததால் இந்த வேலை பாதியில் நிற்கிறது. தண்ணீர் பட்ட பிறகே தொடரும். வெறும் தண்ணீரில் கரைத்தால் சில மணி நேரம் ஆகும். எலுமிச்சைச் சாற்றில் கரைத்தால் ஓர் இரவு விடுங்கள்; புளிப்பு அந்த மாற்றத்தை மெதுவாக்கும். கடிகாரத்தை நம்பாமல் விழுதைப் பாருங்கள்: மேற்பரப்பு பழுப்பாகி, கரண்டியால் கிளறினால் உள்ளே பச்சையாக இருக்க வேண்டும். பட்டாணி அளவு எடுத்து உள்ளங்கையில் ஐந்து நிமிடம் வைத்துத் துடையுங்கள். தெளிவான ஆரஞ்சுப் பொட்டு விழுந்தால் தயார்.

கேள்வி: கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் சீக்கிரம் ஆகுமே?

பதில்: சீக்கிரம் கெடும். வெதுவெதுப்பு போதும்.

கேள்வி: பச்சை இலை மிக்ஸியில் சுற்றவே இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அரைத்தேன். நிறம் சரியில்லை, மிச்சத்தை மறுநாள் வைத்தால் இன்னும் மோசம்.

பதில்: பச்சை இலையின் எடையில் பெரும்பகுதி ஏற்கெனவே தண்ணீர். அதே எடைப் பொடியோடு ஒப்பிட்டால் அதிலுள்ள சாயம் குறைவுதான். அதன் மேல் ஒரு டம்ளர் ஊற்றினால் என்ன மிஞ்சும்? காம்பை நீக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, பக்கங்களை வழித்து வழித்து அரையுங்கள். மசியாவிட்டால் ஒன்றிரண்டு ஸ்பூன் மட்டும் தெளியுங்கள். தோலில் தடிமனாக அப்பிப் பல மணி நேரம் விடுங்கள். கோனில் அடைத்து மெல்லிய கோடு இழுக்க இந்த விழுது உதவாது, நார் அடைத்துக்கொள்ளும். அதற்கு நன்றாகச் சலித்த பொடிதான் வேண்டும்.

மறுநாள் கதைக்குக் காரணம் வேறு. வெளிவந்த சாயம் காற்றோடு தொடர்ந்து வினைபுரிந்து, தோலைப் பற்றும் சக்தியை இழந்துவிட்டது. மிச்சமிருந்தால் அப்போதே ஃப்ரீசரில் வையுங்கள்.

கேள்வி: தள்ளுபடியில் ஐந்து பாக்கெட் வாங்கினேன். பொடி கிளிப்பச்சையாக இருக்கிறது. நல்ல தரம்தானே?

பதில்: ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் ஐந்தா? கோபப்பட எனக்குத் தகுதியில்லை. நானும் ஒருமுறை அந்தக் கிளிப்பச்சையில் மயங்கி அரைக் கிலோ வாங்கினேன். நனைத்த வெள்ளைக் காகிதத்தில் ஒரு சிட்டிகை தூவியபோது, பச்சை மையாக ஓடிப் பரவியது. கலப்பில்லாத பொடி அப்படி ஓடாது. மெல்லப் பழுப்பு கலந்த ஆரஞ்சாகக் கசியும். என் அரைக் கிலோ செடிகளுக்கு உரமாகப் போயிற்று.

நான் பல வருடங்களாகப் புலம்பும் விஷயம் ஒன்று உண்டு. பாக்கெட்டில் அச்சிடுவது அடைத்த தேதி, இலை பறித்த தேதி அல்ல. கோணியில் வெயிலும் ஈரமும் பட்டு நெடுநாள் கிடந்த பொடியை நேற்று அடைத்தால், அது நேற்றுப் பிறந்த பொடியாகிவிடுகிறது. பழுப்பேறியதை மறைக்கத்தான் பச்சைச் சாயம். வெளிச்சம் ஊடுருவும் கண்ணாடித்தாள் உறை வேறு! உங்களிடமுள்ள ஐந்தில் ஒன்றைக் காகிதத்தில் சோதியுங்கள். தோற்றால் மற்ற நான்கையும் பிரிக்காமல் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: "பத்தே நிமிடத்தில் கறுப்பு" என்ற கோனை வாங்கி மகளுக்கு வைத்தேன். கோடு போட்ட இடமெல்லாம் கொப்புளம். தவறு என்னுடையதா?

பதில்: இல்லையம்மா, விற்றவனுடையது. எந்த மருதாணியும் பத்து நிமிடத்தில் கறுக்காது. அப்படிக் கறுக்கும் கோன்களில் பெரும்பாலும் முடிச்சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. என்ற ரசாயனம் இருக்கும். கோனைத் தூக்கி எறியாமல் தோல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வாமை என்று உறுதியானால், மகள் பிற்காலத்தில் முடிச்சாயம் பூசவும் கூடாது. ஒருமுறை வந்த ஒவ்வாமை திரும்ப வரும். விற்ற கடை மீது நுகர்வோர் புகார் கொடுங்கள், கோனின் படத்தோடு.

கேள்வி: இரவெல்லாம் வைத்து இப்போதுதான் உதிர்த்தேன். வெறும் ஆரஞ்சு. ஏமாந்துவிட்டேனா?

பதில்: கையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டு, நாளை மறுநாள் எழுதுங்கள்.