சைட் படுத்துவிட்டால் கேப்ஷனில் என்ன எழுதுவது?

தி.நகரில் புடவைக் கடை, ஆன்லைனிலும் விற்கிறோம். நேற்று சைட் படுத்துவிட்டது. "தொழில்நுட்பக் கோளாறு, சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று இன்ஸ்டாவில் போட்டேன். கமென்டில் ஒரே திட்டு. என்ன தப்பு அக்கா?

சைட் திறக்காதவர் நாளைக்கு வருவார். 2,400 ரூபாய் போய், ஆர்டர் நம்பர் வராதவர்தான் திட்டுவார். அவருக்கு உங்கள் கேப்ஷனில் ஒரு வரிகூட இல்லை. நான் இப்படி எழுதியிருப்பேன்:

"சனிக்கிழமை மாலை 6.40 முதல் எங்கள் சைட்டில் பணம் கட்டும் பக்கம் வேலை செய்யவில்லை. பணம் போய் ஆர்டர் நம்பர் வரவில்லையா? மறுபடி கட்டாதீர்கள். யுடிஆர் எண்ணை மெசேஜில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம். உறுதியான ஆர்டர்கள் வழக்கம்போல் கிளம்பும். அடுத்த தகவல் இரவு 8 மணிக்கு, இங்கேயே."

கிழமையும் நேரமும் கட்டாயம். இன்ஸ்டா இந்தப் பதிவைச் சிலருக்கு மறுநாள்தான் காட்டும். முதல் வரிக்குப் பிறகு மீதி மறைந்துவிடும் என்பதால் மன்னிப்பை அங்கே வைக்காதீர்கள். யுடிஆரை கமென்டில் கேட்கவும் வேண்டாம். அதைப் பார்த்துக் கடைக்காரர் மாதிரி போன் போட ஆள் இருக்கிறது.

நான் எப்போதும் "ஒரு மணி நேரத்தில் சரியாகும்" என்று போடுவேன். ஜனங்கள் அமைதியாகிவிடுகிறார்களே?

ஆவார்கள், அந்த ஒரு மணி நேரம் வரைக்கும். முன்பு வேலை பார்த்த கடையில் நானும் ஒரே ராத்திரியில் மூன்று தடவை அப்படிப் போட்டேன். ஒருவர் மூன்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வரிசையாக ஒட்டிவிட்டார். எப்போது சரியாகும் என்பது சர்வர்காரர் கையில். அடுத்த தகவல் எப்போது என்பது உங்கள் கையில். 8 மணிக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், "இன்னும் சரியாகவில்லை, அடுத்து 9.30க்கு" என்று போட்டே ஆக வேண்டும். நீங்களாகவே சைட்டை நிறுத்தி வேலை பார்க்கும்போது மட்டும் முடியும் நேரத்தைச் சொல்லுங்கள்.

பணம் 24 மணி நேரத்தில் திரும்பிவிடும் என்று எழுதலாமா சார்?

சார் இல்லை, அக்கா! எழுதாதீர்கள். யுபிஐயில் கடைக்குக் கட்டிய பணம் கழிந்து, கடைக்கு உறுதி வராமல் போனால் 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் கட்டியவருக்கு நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2019இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. ஆனால் பணம் உங்களிடம் வந்து சேர்ந்து, சைட் மட்டும் ஆர்டரைப் பதியாமல் விட்டிருந்தால் அது தானாகத் திரும்பாது. உங்கள் பேமென்ட் கேட்வே கணக்கில் பாருங்கள். வந்திருந்தால் ஆர்டரைப் போடுங்கள், அது முடியாதென்றால் ரீஃபண்ட் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

வேளச்சேரியில் மெஸ் வைத்திருக்கிறேன். மழையில் கரண்ட் போய் ராத்திரி டிபன் கிடையாதென்றால்?

அண்ணா, உங்களுக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸே போதும். காலை டிபன் உண்டா இல்லையா என்று மட்டும் சேர்த்துவிடுங்கள்.

சரியானதும் பதிவை அழித்துவிடலாமா?

நான் அழிக்க மாட்டேன். "இரவு 9.10க்குச் சரியாகிவிட்டது" என்று முதல் வரியில் சேர்ப்பேன். புதிதாக வருபவர் கண்ணில் முதலில் இந்தக் கோளாறுப் பதிவுதான் படும், எடுத்துவிடு என்று என்னோடு வேலை பார்ப்பவர் இன்னும் சண்டை போடுகிறார்.