தம்பி கையெழுத்திடாத நன்கொடை உறுதியை அம்மா ரத்துச் செய்யலாமா?

கேள்வி: "தலவாக்கலையில் அம்மாவின் பெயரில் 12 பேர்ச் காணியும் வீடும் உண்டு. 3 வருடத்துக்கு முன், சாகும்வரை வீட்டை அனுபவிக்கும் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு தம்பிக்கு நன்கொடை உறுதி எழுதினார். தம்பி கட்டாரில் இருந்ததால் கையெழுத்து வைக்கவில்லை. இப்போது அவன் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நன்கொடையை எந்த நேரமும் ரத்துச் செய்யலாம் என்று பக்கத்துச் சிங்கள வீட்டார் சொல்கிறார்கள். உண்மையா?"

பக்கத்து வீட்டார் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொல்வது அவர்களுடைய சட்டம். கண்டிய சிங்களவருக்கு 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கண்டியச் சட்டக் கட்டளைச் சட்டம் உண்டு. அதன்படி, சில விதிவிலக்குகள் தவிர, கொடுத்தவர் உயிரோடு இருக்கும் வரை நன்கொடையைத் திருப்பி எடுக்கலாம். அந்தச் சட்டம் ஆளைப் பொறுத்தது, காணி இருக்கும் ஊரைப் பொறுத்ததல்ல. காணி கண்டியிலோ நுவரெலியாவிலோ இருக்கிறது என்பதால் மட்டும் அது மலையகத் தமிழருக்குப் பொருந்திவிடாது. வடக்கின் தேசவழமையும் பொருந்தாது. உங்கள் அம்மாவுக்கு உரியது நாட்டின் பொதுச் சட்டமான உரோம டச்சுச் சட்டம். அதில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நன்கொடை பொதுவாகத் திரும்பப் பெற முடியாதது.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது தம்பியின் நடத்தையை அல்ல. நன்கொடை முழுமையடைந்ததா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

காணி நன்கொடைக்கு நொத்தாரிசு உறுதி வேண்டும். கொடுப்பவரும் இரண்டு சாட்சிகளும் நொத்தாரிசு முன்னால் ஒரே நேரத்தில் இருந்து கையெழுத்திடவேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் கேட்பது இதைத்தான். இவ்வளவும் நடந்தாலும் அது கொடுப்பவரின் பக்கம் மட்டுமே. பெறுபவர் ஏற்றுக்கொள்ளும் வரை அது வெறும் முன்வருதல்தான். ஏற்பதற்கு முன் கொடுப்பவர் மனம் மாறிப் பின்வாங்கலாம்.

ஏற்பு இதே உறுதியில் கையெழுத்தாக இருந்தால் பிரச்சினையே இல்லை. பெறுபவர் வெளிநாட்டில் இருந்தால், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவத்தை அனுப்பி, இங்குள்ள ஒருவர் அவருக்காக ஏற்றுக் கையெழுத்திடலாம். பிறகு தனி உறுதியாலும் ஏற்கலாம். ஆனால் ஏற்பு எழுத்தில்தான் இருக்கவேண்டும் என்றில்லை, நடத்தையிலிருந்தும் நீதிமன்றம் அதை ஊகிக்கும். இங்கேதான் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். "கையெழுத்து இல்லை, ஆகவே செல்லாது" என்று நினைத்து ரத்து உறுதி ஒன்றை எழுதி, ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் தோற்கிறார்கள்.

ஆகவே உங்கள் விஷயத்தில் இவற்றைத் தேடுங்கள். மூல உறுதி யார் கையில் இருக்கிறது? அம்மா அதைத் தம்பியிடம் அல்லது அவன் மனைவியிடம் கொடுத்திருந்தால் அது ஏற்புக்கு வலுவான அடையாளம். நகரசபையில் சோலைவரிப் பெயரைத் தம்பி மாற்றினானா? வங்கியில் ஈடு வைத்தானா? வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டுப் பணம் வாங்கினானா? "வீடு எனக்கு எழுதியாயிற்று, நன்றி" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகூடச் சான்றாக முன்வைக்கப்படலாம். அம்மா வீட்டில் இருப்பது மட்டும் எதையும் காட்டாது. சீவிய உரித்து உள்ளவர் அங்கே இருக்கத்தான் செய்வார். அதனால்தான் இப்படியான உறுதிகளில் மூல உறுதி யாரிடம் இருந்தது என்பது இவ்வளவு பெரிதாகிறது.

இன்னொரு குழப்பம் பதிவு பற்றியது. நொத்தாரிசு மாதாமாதம் உறுதிகளின் இணைப்பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார். அது பாதுகாப்புக்கான பிரதி. பதிவேட்டில் அந்தக் காணிக்குரிய பக்கத்தில் உறுதியைப் பதிவது வேறு வேலை. அது நடந்திருந்தாலும் மற்ற உறுதிகளுக்கு முந்துவதற்கே உதவும், பதிவு ஏற்பாகாது. நுவரெலியா காணிப் பதிவகத்தில் அந்தப் பக்கத்தின் பிரதியை எடுத்துப் பாருங்கள். தம்பி இதற்குள் யாருக்கேனும் விற்றிருந்தாலோ ஈடு வைத்திருந்தாலோ அதில் தெரியும்.

தேடிப் பார்த்ததில் மூல உறுதி அம்மாவின் அலுமாரியில் இருக்கிறது, சோலைவரி இன்னும் அம்மா பெயரில், தம்பி எதுவும் செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது நிலைமை அம்மாவுக்குச் சாதகம். பின்வாங்கும் உறுதியை நொத்தாரிசு முன் எழுதிப் பதிந்து, தம்பிக்குப் பதிவுத் தபாலில் அறிவிக்கலாம். அவன் மறுத்தால், நன்கொடை முழுமையடையவில்லை என்ற அறிவிப்பை மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கவேண்டிவரும். இதை அம்மா இருக்கும்போதே செய்யுங்கள். அவர் காலமான பின் ஏற்பு இருந்ததா இல்லையா என்பது பிள்ளைகளுக்கிடையிலான வழக்காகிவிடும். அம்மாவின் வாக்குமூலமும் கிடைக்காது.

மாறாக, உறுதி தம்பியின் கையில் சேர்ந்துவிட்டது என்றால் கதவு ஒடுங்குகிறது. ரத்துச் செய்யும் உரிமையை அம்மா உறுதியிலேயே வெளிப்படையாக ஒதுக்கி வைத்திருந்தால் அதைப் பயன்படுத்தலாம். வாசகத்தை வரி வரியாகப் படியுங்கள். அப்படி இல்லாவிட்டால் மிஞ்சும் முக்கிய வழி மிகையான நன்றிகேடு. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, திரும்பப் பெற முடியாத நன்கொடையை இந்தக் காரணத்தில் நீதிமன்றக் கட்டளையால் மட்டுமே ரத்துச் செய்யலாம். நொத்தாரிசு எழுதும் ரத்து உறுதி இங்கே பயன்படாது. இதற்குக் காலக்கெடுவும் உண்டு. ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்தால் வழக்கே நிற்காது. வழக்குப் போட்டவுடன் அதைக் காணிப் பக்கத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நடுவில் வாங்குபவருடன் இன்னொரு சண்டை வரும்.

எது மிகையான நன்றிகேடு? அம்மாவை அடிப்பது, உயிருக்கு ஆபத்து விளைவிக்கப் பார்ப்பது, மோசமாக அவமானப்படுத்துவது போன்றவை. தொலைபேசி எடுக்காதது, தீபாவளிக்கு வராதது மனதை நோகச்செய்யும், ஆனால் தனியே அதில் வழக்கு நிற்பது கடினம். "பார்த்துக்கொள்வேன்" என்று வாயால் சொன்னதற்கும் பலமில்லை. உறுதியில் "அன்பும் பாசமும் காரணமாக" என்று மட்டும் இருந்தால் பராமரிப்பு ஒரு நிபந்தனையாக ஆகாது. மாதம் இவ்வளவு பணம், நோய்ச் செலவு என்று நிபந்தனையாக எழுதியிருந்தால் அதை மீறியதே தனிக் காரணமாகும்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். இந்தக் காணி அம்மாவுக்கு உறுதியால் வந்ததா, அல்லது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அளிப்பா? அளிப்பாக இருந்து, பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் முன்கூட்டியே பெறப்படவில்லையென்றால், தம்பி ஏற்றிருந்தாலும் நன்கொடை வெற்றானது.