மாவுக்கட்டுக்குள் அரிப்பு

கேள்வி: என் மகனுக்கு வயது 11. சைக்கிளில் இருந்து விழுந்ததில் முன்கை எலும்பு முறிந்து, மாவுக்கட்டு போட்டு 8 நாள் ஆகிறது. உள்ளே அரிப்பு தாங்காமல் ராத்திரியில் அழுகிறான். ஈர்க்குச்சியை விட்டுச் சொறிகிறான். பவுடர் போடலாமா? கட்டு இறுக்கமாக இருக்கிறதோ என்றும் பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, தேனி

பதில்: முதலில் அந்த ஈர்க்குச்சியை வாங்கி வைத்துவிடுங்கள். ஒரு பையனுக்குக் கட்டைப் பிரித்தபோது இரண்டு அங்குல ஈர்க்குத் துண்டு உள்ளே ஒடிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அது குத்திய இடத்தில் சீழ் கோத்திருந்தது. மூடிக் கிடக்கும் தோலில் சின்னக் கீறல் விழுந்தாலே போதும், வெளியே யாருக்கும் தெரியாமல் புண்ணாகிவிடும்.

பவுடரும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். அன்றாடம் உதிர வேண்டிய தோல் உதிராமல் வியர்வையோடு தங்குவதால்தான் அரிக்கிறது. பவுடர் அதோடு சேர்ந்து கட்டி தட்டி, இன்னும் உறுத்தும்.

ஹேர் டிரையர் இருந்தால், சூடில்லாத காற்றை மட்டும் கட்டின் ஓரம் வழியாக உள்ளே விடுங்கள். சூடான காற்று தோலைச் சுட்டுவிடும். ஃபேனுக்கு நேரே படுக்க வையுங்கள். அரிக்கிற இடத்துக்கு நேரே, மாவுக்கட்டின் மேல் விரலால் தட்டலாம். இன்னொரு கையில் அதே இடத்தைச் சொறியச் சொல்லுங்கள். விளையாட்டு போலத் தோன்றும், ஆனால் சிலருக்குக் கேட்கிறது. தூக்கமே இல்லையென்றால் செட்டிரிசின் போன்ற மருந்து தரலாம். எடையைப் பார்த்து அளவை உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

அடுத்து, இறுக்கம். வீக்கம் ஏறும் முதல் இரண்டு மூன்று நாளில்தான் பெரும்பாலும் கட்டு இறுக்கும். 8-ஆம் நாள் வீக்கம் வடிந்து, கட்டு கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும். இப்போது புதிதாக இறுக்கினால் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

அவன் விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். அடுத்த கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் மடங்கியிருக்கும் விரல்களை நீங்களே மெதுவாக நீட்டிப் பாருங்கள். முன்கையில் சுரீரென்று வலி பாய்ந்தால், மாத்திரைக்கும் வலி அடங்காமல் கூடிக்கொண்டே போனால், விரல்கள் மரத்துப்போனால், சில்லிட்டால், நீலம் பாய்ந்தால், அசைக்க முடியாமல் போனால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் குறைந்தால், சில மணி நேரத்தில் தசை நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். நகம் சிவப்பாகவே இருந்தாலும், இப்படி வலித்தால் கிளம்பிவிடுங்கள். போகும் வழியில் கையைத் தூக்கிப் பிடிக்காமல் நெஞ்சு மட்டத்தில் வைத்திருங்கள். கட்டை நீங்கள் வெட்ட வேண்டாம். அவசரப் பிரிவில் ரம்பத்தால் பிளந்து, உள்ளே இருக்கும் பஞ்சையும் சேர்த்து வெட்டித் தளர்த்துவார்கள்.

இன்னொன்று. ஒரே இடத்தில் எரிச்சலாக இருந்து, அது திடீரென்று அடங்கிப்போனால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கட்டு அழுத்தி அங்கே தோல் செத்திருக்கலாம். நாற்றம், கட்டில் ஈரக் கறை, காய்ச்சல் எது தெரிந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். இவன் ஏற்கெனவே குச்சி விட்டிருக்கிறான், அதனால் கட்டின் ஓரத்தைத் தினமும் ஒரு தடவை முகர்ந்து பாருங்கள்.